கால் போன பிறகும் கனவில் நடப்பவர்கள்



சீனி வருத்தத்தால் கால் எடுக்கப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

எங்கட சாச்சாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு மாதம். ஒரு நாள் சுபஹுக்கு முன்னர் கட்டிலடியில் விழுந்து கிடந்தார். காயம் ஆறிவந்த இடத்தில் மறுபடி இரத்தம். பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மகன், கனவுல ரெண்டு காலாலயும் உக்குவளைக்கு நடந்து போறன். முழிச்ச பொறகும் கால் இருக்கிற மாதிரியே இருந்திச்சு. எறங்கிட்டன்."

பகலில் அவருக்கு வேறு மாதிரியாம். இல்லாத பாதம் சின்னப்பிள்ளையின் பாதமாகச் சுருங்கி முழங்காலோடு ஒட்டிக்கொண்டது போலத் தெரியுமாம். பைத்தியம் என்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. கேள்விப்பட்ட ஒருவர் ஜின் என்றார்.

ஜின்னும் இல்லை, பைத்தியமும் இல்லை. நம் மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. காலை எடுத்தாலும் அந்தப் படத்தில் காலுக்குரிய இடம் அழிவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களிடம் இதைக் கண்ட வைத்தியர் வெயர் மிச்செல், 1871 இல் இதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். விழித்திருக்கும்போது கண் பார்க்கிறது, கை தடவுகிறது; கால் இல்லை என்ற செய்தி மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நித்திரையில் அந்தச் செய்தி குறைந்துவிடுவதால் பழைய படம் முழுசாக எழும்பக்கூடும். எல்லோருக்கும் இப்படி இல்லை. ஆனால் பலருக்குப் பல வருடம் போனாலும் கனவில் கால் முழுசாகவே வரும்.

ஆபத்து விழித்த அந்த முதல் நிமிடத்தில்தான். நாங்கள் செய்தது இவ்வளவுதான். இரவு முழுக்கச் சின்ன லைட் ஒன்று எரியும். அவசரமாக எழும்பாதிருக்கச் சிறுநீர்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். விழித்ததும் உட்கார்ந்து, வெட்டிய இடத்தைக் கண்ணால் பார்த்து, இரண்டு கையாலும் தடவி, பத்து வரை எண்ணிய பிறகே ஊன்றுகோலை எடுப்பார். பார்ப்பதும் தடவுவதும்தான் மூளைக்குப் புதுச் செய்தி. அதன் பிறகு அவர் விழவில்லை.

இல்லாத கால் வலிக்கிறது என்றால் அதுவும் பொய்யில்லை. தமிழ்நாட்டில் பிறந்த வைத்தியர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடிப் பயிற்சி ஒன்றைக் கொண்டுவந்தார். இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை வைத்து, நல்ல காலை அசைத்து, அதன் பிம்பத்தைப் பார்ப்பது. சிலருக்கு வலி குறைகிறது, சிலருக்கு இல்லை. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் வெட்டிய இடமே சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் அது மாய வலியல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். "கனவுல கால் வருதா?" என்று நீங்களே கேளுங்கள்.