ரிப்போர்ட் நேரத்தில் ஓர் அறிமுகம்

அரசு மருத்துவமனையில் டிரான்ஸ்ஃபர் ஆகிப் புது வார்டுக்குப் போகும் ஸ்டாஃப் நர்ஸ், பெரும்பாலும் காலை ரிப்போர்ட் நேரத்தில்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். நைட் டூட்டி சிஸ்டர் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். பெயர், பழைய ஊர், எத்தனை வருட சர்வீஸ் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் டூட்டி பிரிக்கிற இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தெரிய வேண்டியது வேறு: இவர் எதைத் தனியாகச் செய்வார், எதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்?

11 வருடம் பிரசவ வார்டில் இருந்துவிட்டுப் பெண்கள் மெடிக்கல் வார்டுக்கு வந்த அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "பிரசவ வார்டில் இருந்து வரேன் சிஸ்டர். மக்னீசியம் சல்பேட் தனியா பார்த்துக்குவேன். இன்சுலின் இன்ஃப்யூஷன் படிக்கும்போது பார்த்ததோட சரி. ரெண்டு நாள் யாராவது கூட நின்னு காட்டணும்."

என்னைவிட வயதில் சின்னவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் மட்டும் தலையசைத்தார். அன்று ஆறாம் பெட்டில் சர்க்கரை ஏறிக் கீட்டோன் வந்த பெண் ஒருவர் இருந்தார். 50 மில்லி சலைனில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலின், மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். கூட நின்ற சிஸ்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "சர்க்கரை இறங்குதுன்னு சந்தோஷப்படாதீங்க அக்கா. இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ளே இழுத்துடும். குளுக்கோமீட்டர் அதைக் காட்டாது. ரத்தம் அனுப்பணும், ஈசிஜி பார்க்கணும்." பொட்டாசியம் ஆம்பூலை நேராக நரம்பில் ஏற்றவே கூடாது, சலைனில் கலந்து மெதுவாகத்தான் விட வேண்டும் என்பதையும் அங்கேயே மனதில் பதித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், நைட் டூட்டி. பிரசவமாகி ஐந்து நாளான பெண்ணை 'வலிப்பு' என்று எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிபி 170/110. கர்ப்பகால வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரும். டாக்டர் மக்னீசியம் எழுதியதுமே இளைய சிஸ்டர் ஓடி வந்தார்: "அக்கா, நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க?"

டாக்டர் எழுதியபடி 4 கிராம் நரம்பில் மெதுவாகவும், மீதி இரண்டு இடுப்பிலுமாகப் போட்டோம். அடுத்தடுத்த டோஸுக்கு முன் பார்க்க வேண்டிய மூன்றை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். முழங்காலைத் தட்டினால் கால் துள்ள வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டை டிரேயில் எடுத்து வைத்தோம். விடியும்வரை மறுபடி வலிப்பு வரவில்லை. காலையில் அவரைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டுக்கு யார் புதிதாக வந்தாலும், ரிப்போர்ட் நேரத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் பெட் பிரித்தார்.