ஒரு பக்கம், மூன்று அட்டவணைகள்

பழைய மாவட்டப் புள்ளிவிவரத் தொகுதிகளில் ஒரே பக்கத்தில் மூன்று நான்கு சிறு அட்டவணைகள் நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்தை அப்படியே எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால் மழையளவும் மாட்டுக் கணக்கும் ஒரே வரியில் கலந்துவிடும். அதனால் முதலில் பிரிக்க வேண்டும், பிறகே படிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் பக்கத்தை நிமிர்த்துவது அவசியம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 8 அங்குல அகலம் 2,400 புள்ளிகளாகும். ஒரு பாகை சாய்ந்தாலே ஓர் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 42 புள்ளிகள் ஏற்ற இறக்கம் வந்துவிடும். அட்டவணைகளுக்கு இடையே விடப்பட்ட வெற்றிடமே சில பக்கங்களில் அவ்வளவுதான். அதை நம்பி எல்லை தேடும் நிரல் அங்கே ஏமாறும். நேரான பக்கத்திலும் வெற்றிடம் மட்டும் சான்றாகாது. படிக்க வசதியாக ஐந்து வரிக்கு ஒருமுறை இடைவெளி விட்ட அச்சகங்கள் உண்டு. இடைவெளிக்குக் கீழே புதுத் தலைப்பு இருந்தால்தான் அது எல்லை.

மேலே தாலுகாவாரி மழையளவு, கீழே இடப்புறம் கால்நடை, வலப்புறம் ஏர்களும் வண்டிகளும் உள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். கீழ்ப்பகுதியில் தாலுகாப் பெயர்கள் இடப்புற அட்டவணையில் மட்டுமே இருக்கும். வலப்புறம் அதே வரிசையைப் பகிர்ந்துகொள்ளும். நடுக்கோட்டில் வெட்டினால் ஏர்க் கணக்கு எந்தத் தாலுகாவுடையது என்றே தெரியாமல் போகும். எனவே பெயர்ப் பத்தியை வலப்புறத் துண்டுக்கும் படியெடுத்து வைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு துண்டையும் தனியாகப் படிக்கலாம்:

```
tesseract kalnadai.png kalnadai -l tam+eng --psm 6 tsv
```

இதில் 6 என்பது படம் முழுவதையும் ஒரே சீரான எழுத்துத் தொகுதியாகக் கொள்ளச் சொல்கிறது. பிரிக்காத பக்கத்துக்கு இதே எண்ணைக் கொடுப்பதுதான் வரிகள் கலக்கக் காரணம்.

அதிகம் சறுக்குவது ஈரடுக்குத் தலைப்பில். ‘மாடுகள்’ என்ற சொல் காளை, பசு, கன்று ஆகிய மூன்று பத்திகளுக்கும் பொதுவாக நடுவில் நிற்கும். நிரலின் கண்ணுக்கு அது பசுவின் தலைப்பு மட்டுமே. வெற்றுக் கட்டங்களை இடமிருந்து வலமாக நிரப்பினால் ‘மாடுகள்’ பசுவுக்கும் கன்றுக்கும் போய், காளைக்கு முந்தைய குழுவின் தலைப்பு ஒட்டிக்கொள்ளும். தலைப்பின் கீழுள்ள கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, ‘மாடுகள் – காளை’ என முழுப்பெயராக எழுதுவதே பாதுகாப்பு. ‘ஆயிரங்களில்’ போன்ற அலகுக் குறிப்பு ஓர் அட்டவணையின் மூலையில் இருந்தால், அதை அந்த அட்டவணைக்கு மட்டுமே சேர்க்க வேண்டும்.

பிரித்தது சரியா என்பதை மொத்த வரி காட்டும். கால்நடை, ஏர் போன்ற எண்ணிக்கைகளில் தாலுகா எண்களைக் கூட்டினால் அச்சிட்ட மொத்தம் வர வேண்டும். ஒரே ஒரு பத்தி தவறினால் பெரும்பாலும் இலக்கப் பிழை; எல்லாப் பத்திகளும் தவறினால் ஒரு வரி அடுத்த துண்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தலைப்புகள் இடம் மாறியதைக் கூட்டுத்தொகை காட்டாது. அதற்கு மூலப் பக்கத்தைக் கண்ணால் ஒப்பிடுவது தவிர வழியில்லை. பக்கக் கணக்கில் கூலி பேசும் இடங்களில் இந்த ஒப்பீட்டுக்கான நேரத்துக்குக் காசு கிடைப்பதில்லை. மூன்று அட்டவணைப் பக்கத்துக்கும் ஒற்றை அட்டவணைப் பக்கத்துக்கும் ஒரே விலைதான். இந்த வேலைக்கு அட்டவணைக் கணக்கில் கூலி கொடுப்பதே நியாயம்.