பக்கத்து வீட்டுப் பல்லவி

சினிமா டூயட்டில் முதல் காதல் என்றாலே பக்கத்து வீடுதான். மொட்டை மாடி, கொடிக்கயிறு, நடுவில் ஒரு மதில். ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கிற நம்ம பக்கத்தில், பக்கத்து வீடு என்றால் அநேகமாகச் சொந்தச் சாதி வீடு. சாதி என்ற சொல்லே வராமல் பாட்டு அதைக் காப்பாற்றிவிடுகிறது. 2004இல் வந்த ‘காதல்’ படத்தில் மதுரை மெக்கானிக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணும் பக்கத்து வீடு இல்லை. அவர்கள் பழக்கம் தெருவில்தான் முளைக்கிறது.

சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல் பிறகு. ‘தானம் தானன’ என்று தத்தகாரம் கொடுத்தால் ‘வாசல் நீவர’ என்று உடனே எழுதிடலாம். ஆனா ஆம்பூர்ல எங்க சனம் நிக்கிறது வாசல்ல இல்ல. விடிகாலையில ஷூ கம்பெனி வேனுக்கு ரோட்டோரம் நிக்குது. முதல் சிரிப்பும் அங்கதான். அதனால் ‘வேனில் நீவர’ என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். மெட்டு நெளியவில்லை. கோடையும் வண்டியும் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்தன.

“வேன்ல என்ன தோழர் காதல்?” என்றார் நண்பர்.

டூயட் ஆச்சே, அவளும் பாட வேண்டும். அதே அளவில் அவளுடைய வரி: ‘ஊரும் பார்க்குது.’

அது எந்த ஊர் என்று சேரியில் யாரும் கேட்க மாட்டார்கள்.