பெருங்காயத்தில் கோதுமை

ஜூன் 3, செவ்வாய்

மதுரையில் ஒரு மெஸ்ஸுக்கு மெனு பக்கம். இப்போது இருப்பது அச்சடித்த அட்டையின் படம். விலை ஏறினால் மறுபடி அச்சகத்துக்கு ஓட வேண்டும். கடைக்கார அக்கா பால் கணக்கை கூகுள் ஷீட்டில்தான் எழுதுகிறார். மெனுவும் அங்கேயே இருக்கட்டும் என்றேன். வரிக்கு ஒரு பண்டம்: பெயர், விலை, சேர்மானம், இன்று உண்டா. ஷீட்டை CSV ஆக வெளியிட்டுவிட்டால் பக்கம் அதைப் படித்துக்கொள்ளும்.

ஜூன் 5, வியாழன்

காலை முழுக்க அடுப்படியில். "எல்லாம் சைவம்தானே தம்பி, பச்சைப் புள்ளி போட்டா போதாதா?" என்றார் அக்கா. வெண்பொங்கலில் நெய்யும் முந்திரியும் இருக்கின்றன. பால் பொருள் தொடாதவருக்கும் முந்திரி ஒவ்வாதவருக்கும் பச்சைப் புள்ளி என்ன சொல்லும்?

சாம்பாருக்கு வந்தோம். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானத்தில் கோதுமை மாவு. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் இப்படித்தான். சீலியாக் நோய் உள்ளவருக்கு இந்தச் சிறு அளவும் ஆகாது. அரிசியும் உளுந்துமாக அரைத்த இட்லி அவருக்குப் பாதகமில்லை, மேலே ஊற்றும் சாம்பார்தான் வினை. சாதா தோசைக்கும் உறுதி சொல்ல முடியாது. அதே கல்லில்தான் ரவா தோசையும் வார்க்கிறார்கள்.

அதனால் "கோதுமை இல்லாதது" என்று எதற்கும் போடுவதில்லை. "கோதுமை உண்டு", "பால் உண்டு", "முந்திரி உண்டு" என்று இருப்பதை மட்டும் எழுத்தில் சொல்கிறோம். சாதா தோசைக்கு "ரவா தோசைக் கல்லில் வார்த்தது". "உண்டு" குறிப்புகளை யாரும் கையால் எழுத வேண்டாம். தனித் தாளில் நெய் என்றால் பால், பெருங்காயம் என்றால் கோதுமை என்று ஒருமுறை எழுதிவைத்தாயிற்று. பண்டத்தின் சேர்மானத்தைப் பார்த்துப் பக்கமே குறிப்பைப் போடும். நாளை அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்கினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். சாம்பார், ரசம், வடை எல்லாம் தானாக மாறும்.

ஜூன் 7, சனி

ஆர்டர் இணைப்பு வாட்ஸப்புக்கு. எண்ணுக்கு முன் 91 வேண்டும். கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது.

```
"https://wa.me/91XXXXXXXXXX?text=" + encodeURIComponent(item)
```

encodeURIComponent ஏன் என்பதைச் சோதித்தபோதே பார்த்தேன். அது இல்லாமல் "இட்லி & வடை" அனுப்பினால் & குறியோடு செய்தி அறுந்து "இட்லி" மட்டும் போகிறது. வடை கேட்டவருக்கு வடை வராது.

ஜூன் 9, திங்கள்

அக்கா தனியாகவே மாற்றிப் பார்த்தார். "இன்று உண்டா" கட்டத்தில் ஒரு பண்டத்துக்கு "இல்ல", இன்னொன்றுக்கு "தீந்துருச்சு". பக்கத்துக்கு இரண்டும் புரியவில்லை. அங்கே டிக் பெட்டி வைத்துவிட்டேன். டிக்கை எடுத்தால் CSV-யில் FALSE வரும். உடனே பண்டத்தின் பெயர் மங்கி, "தீர்ந்தது" என்று காட்டி, ஆர்டர் இணைப்பு மறையும். பெயரை அடியோடு எடுப்பதில்லை, நாளை கிடைக்கும் என்று தெரிய வேண்டுமே.

ஷீட்டில் செய்த மாற்றம் பக்கத்துக்கு வரச் சில நிமிடம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது பொங்கல் கேட்டுவிடலாம். இணைப்பின் கீழே ஒரு வரி சேர்த்தோம்: "நாங்கள் பதில் அனுப்பிய பிறகே ஆர்டர் உறுதி."