ஐம்பது வெள்ளி வித்தியாசம்

பெரியம்மாவின் பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு வந்த பில் 15,100 வெள்ளி. காப்புறுதி நிறுவனம் 11,800 வெள்ளிக்குத்தான் ஒப்புதல் கொடுத்தது. மீதி 3,300 வெள்ளி. கோலா கிளாவாங்கில் பால் மரம் வெட்டிச் சேர்த்த காசிலிருந்து மாதாமாதம் பிரீமியம் கட்டிய வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

“ஏன் தம்பி, கார்டு இருக்குல்ல? அப்புறம் எதுக்குக் காசு?” என்று பெரியம்மா கேட்டார். எஞ்சினியர் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது. பில்லையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் விலக்கப்பட்டவை: அட்மிஷன் கிட், துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, மருத்துவ அறிக்கைக் கட்டணம். இவை 300 வெள்ளி. எந்தப் பாலிசியிலும் பெரும்பாலும் இவை நம் கைக்காசுதான்.

அடுத்தது அறை. பாலிசி ஒரு நாளைக்கு 150 வெள்ளி வரை கொடுக்கும். சிரம்பான் தனியார் மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த அறை 200 வெள்ளி. நான்கு நாளுக்கு வித்தியாசம் 200 வெள்ளி. “அம்பது வெள்ளிதானே, நல்ல ரூமா இருக்கட்டும்” என்று பெரியப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். யார்தான் போடமாட்டார்கள்?

ஆனால் இதுவரை 500 வெள்ளிதான் ஆகிறது. மிச்சம் 2,800 எங்கே போனது?

பாலிசியின் உள்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தகுதிக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், அறை தவிர்த்த மற்ற தகுதியான செலவுகளிலும் 20 விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும். டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, மருந்து, பரிசோதனை எல்லாம் சேர்ந்து 14,000 வெள்ளி. அதில் 20 விழுக்காடு 2,800. அதாவது அறையின் ஐம்பது வெள்ளி, அறைக்குச் சம்பந்தமே இல்லாத மயக்க மருந்து டாக்டரின் பில்லையும் சேர்த்து வெட்டிவிட்டது. 150 வெள்ளி அறையில் இருந்திருந்தால் கைக்காசு அந்த 300 வெள்ளியோடு முடிந்திருக்கும். எனக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். கையெழுத்து வாங்கும்போது அறையின் விலையை மட்டும் சொல்கிறார்கள்.

இதை இப்போது பேசப்படும் கோ-பேமெண்ட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2024 செப்டம்பர் முதல் காப்புறுதி நிறுவனங்கள் அந்த வகைப் பாலிசிகளையும் விற்க வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்தது. அதில் நோயாளியின் பங்கு குறைந்தது 5 விழுக்காடு, இல்லையென்றால் 500 வெள்ளி கழிவு. அவசர சிகிச்சைக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் அது பொருந்தாது. 5 விழுக்காட்டுப் பாலிசியில் 150 வெள்ளி அறையில் பெரியம்மா இருந்திருந்தால், தகுதியான 14,600 வெள்ளிக்கு அவர் பங்கு 730. விலக்கப்பட்டதையும் சேர்த்தால் 1,030. பழைய பாலிசி முழுசாகக் கட்டும் என்று நம்பியவர் அதைவிட மூன்று மடங்கு கட்டினார்.

தகுதியான அறை காலியில்லாமல் மேலே ஏற்றினால் இந்த 20 விழுக்காடு உண்டா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். அட்மிஷன் மேசையில் கேட்டுப் பயனில்லை; காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் போட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு அடுத்த மாதம் கண்புரை அறுவை. அவருடைய கார்டின் பின்னால் மார்க்கரால் 150 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.