போடிங் போடப் போறீங்களா? எங்கட கணக்கைப் பாருங்க

நகையை அடகு வைத்து அறை போடலாமா என்று உப்புவெளியில் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

வெள்ளைக்காரர் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான். பிறகு மழை. அதனால் கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகளுக்கே இரண்டு அறையில் நான்கு கட்டில் போட்டோம். கட்டில், மெத்தை, மேசை, கதிரை, ஃபேன், நுளம்பு வலை எல்லாம் ஆளுக்கு 40,000 ரூபாய். மொத்தம் 1,60,000. ஆளுக்கு 8,000 வாடகை என்றால் மாதம் 32,000. ஐந்து மாதத்தில் முதல் வந்துவிடும் என்று நினைத்தோம்.

வர ஒன்பது மாதம் ஆனது. விடுமுறையில் இரண்டு மாதம் கட்டில்கள் வெறுமை, வாடகையும் இல்லை. மற்ற ஏழு மாதமும் கரண்டுக்கும் தண்ணிக்கும் சுமார் 9,000 போனது. வாடகைக்குள்ளேயே கரண்ட் என்று சொன்னதுதான் எங்கட பிழை. யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். எங்கட வீட்டு மீற்றரிலேயே அவர்களுடைய அயன், கேத்தல் எல்லாம் ஓடியதால், கூடின விலைப் படிக்குப் பில் ஏறிவிட்டது.

இப்போது அறைக்கொரு உப மீற்றர். மாத முடிவில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்து, பில்லின் சராசரி விலைக்கே எடுக்கிறோம். விடுமுறையில் கட்டிலைப் பிடித்து வைக்க அரை வாடகை. இரண்டையும் சாவி கொடுக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான்.

நகை வைப்பவர்கள் பன்னிரண்டு மாத வாடகையை எண்ணாதீர்கள். எட்டு மாத வாடகையில் வட்டியும் பில்லும் கட்ட முடியுமென்றால் மட்டும் இறங்குங்கள்.