தை மாத மூடுபனியும் காசி யாத்திரையும்

பிதுர் காரியங்கள் திதியைப் பற்றி நிற்பவை. திதியோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. தை அமாவாசையன்று பிரயாகைத் திரிவேணியில் தர்ப்பணம் செய்ய விரும்புவோர், அக்காலத்து வடநாட்டு மூடுபனியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கங்கைச் சமவெளியில் டிசம்பர் நடுப்பகுதி தொடங்கி ஜனவரி இறுதிவரை மூடுபனி மிகும். வயல்களின் ஈரம், மேகமற்ற இரவின் குளிர், காற்றின் அசைவின்மை ஆகிய மூன்றும் கூடினால் தரையை ஒட்டிப் பனி திரளும். நள்ளிரவுக்குப் பின் தடித்து, சூரியோதய வேளையில் உச்சமடைந்து, பெரும்பாலும் முற்பகலில் வெயில் ஏறக் கரையும்.

கும்பகோணத்து முதிய தம்பதியர் ஒருவர், அமாவாசைக்கு முதல்நாள் காசி சேர்ந்து, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் பிரயாகை செல்ல எண்ணியிருந்தனர். தூரம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான். ஆயினும் அவ்வேளையில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் லாரியும் கண்ணுக்குப் புலப்படாது போகலாம். காசியில் நெடுங்காலம் வாழ்ந்த உறவினர் ஒருவர் இதை எடுத்துரைக்கவே, அவர்கள் திட்டத்தை மாற்றினர். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக, முற்பகல் பதினொரு மணிக்குக் காசியிலிருந்து புறப்பட்டுப் பகலொளியிலேயே பிரயாகை சேர்ந்து தங்குவதென முடிவாயிற்று. மாக மேளாக் கூட்டத்தால் வாகனங்கள் தொலைவிலேயே நிறுத்தப்படுவதற்கும் அது பரிகாரமாயிற்று.

திரும்பும் ரயிலைக் காசியிலேயே ஏறுவதாக அமைத்தனர். அங்கிருந்தே புறப்படும் வண்டியாயிற்றே, தாமதம் எப்படி வரும் என்று தோன்றலாம். சிக்னல் தெரியாமையால் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைக்க, வரும் வண்டி பல மணி நேரம் பிந்தும். அதே பெட்டிகளைச் சுத்தம் செய்து, நீர் நிரப்பித்தான் மறுபடி அனுப்புவார்கள். ஆகவே தம் வண்டியை மட்டுமன்றி, அதற்குப் பெட்டிகளைக் கொண்டுவரும் வண்டி எங்கே உள்ளது என்பதையும் முதல்நாள் மாலையே அறிதல் நலம். பெரும்பாலும் அது அதே பெயரில் எதிர்த்திசையில் வரும் வண்டியாகவே இருக்கும். 139 என்னும் எண்ணில் அதன் நிலையைக் கேட்கலாம். அது ஆறு மணி நேரம் பிந்தி வந்தால், குளிர்ந்த நடைமேடையில் காத்திராமல் சத்திரத்திலேயே இருந்துவிடலாம்.

ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணத்தைக் கைவிட நேர்ந்தால், முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இணையத்தில் பெற்ற டிக்கெட்டாயின், வண்டி உண்மையில் புறப்படும் முன்பே 'டி.டி.ஆர்.' விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். புறப்பட்டபின் பதிந்தால் பயனில்லை.

இவ்வளவு செய்தும் சில நாட்களில் பனி கரையாமல், தாழ்ந்த மேகமாகி, பகல் முழுதும் சூரியனை மறைத்து நிற்கும். அதனால் திதிக்கு முன்னும் ஊர் திரும்பும் நாளுக்கு முன்னும் ஒவ்வொரு நாளை வெறுமையாக விட்டுவைப்பதும், இரண்டு நாட்களுக்கான மருந்தைக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வதும் அவசியம்.